ஆண்டு முடிவில் செலவுக் கணக்குகளை ஏன் பூஜ்ஜியமாக்குகிறோம்?

"பில், வவுச்சரிலிருந்து ஜர்னல், லெட்ஜர், ட்ரயல் பேலன்ஸ் வரை எனக்கு ஓரளவு புரிகிறது. ஆண்டு முடிவில் சரிக்கட்டுப் பதிவு, இறுதிப் பதிவு என்று வந்ததும் எல்லாம் குழம்பிவிடுகிறது. செலவுக் கணக்குகளை ஏன் பூஜ்ஜியமாக்க வேண்டும்? ஒரே உதாரணத்தை வைத்து முதலிலிருந்து கடைசி வரை காட்ட முடியுமா?"

வருமானக் கணக்கும் செலவுக் கணக்கும் தனித்து நிற்கும் கணக்குகள் அல்ல. அவை உரிமையாளரின் மூலதனத்தைக் காட்டும் முதல் கணக்கிலிருந்து ஓராண்டுக்கு மட்டும் பிரித்து எழுதிய பக்கங்கள். ஆண்டு முடிந்ததும் அந்தப் பக்கங்களைத் தாய்க் கணக்கோடு சேர்த்துவிட்டு, அடுத்த ஆண்டுக்கு வெற்றுப் பக்கத்தில் தொடங்குகிறோம். இறுதிப் பதிவு என்பது அவ்வளவுதான். ஆனால் சேர்ப்பதற்கு முன்னால் அந்தப் பக்கங்களில் அந்த ஆண்டுக்கு உரியது மட்டும்தான் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அந்தச் சோதனைதான் சரிக்கட்டுப் பதிவு. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு உதாரணத்துக்குள் போவோம்.

இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஒரு சிறு நிறுவனம், ஒருவரே உரிமையாளர். ஜனவரி 1 அன்று 3,00,000 முதலாக வங்கியில் போட்டுத் தொடங்குகிறார். மறுநாள் 1,20,000-க்குக் கருவிகள் வாங்குகிறார். மாத வாடகை 10,000. அக்டோபர் 1 அன்று ஓராண்டுக் காப்பீட்டுக்கு 24,000 கட்டுகிறார். சரக்கு வாங்கி விற்கும் தொழிலாக இருந்தால் இருப்புச் சரக்கு என்று இன்னொரு கிளை வரும். நம் கேள்விக்கு அது தேவையில்லை என்பதால் சேவைத் தொழிலையே எடுத்துக்கொண்டேன். கணக்காண்டு டிசம்பர் 31-இல் முடிகிறது.

இதில் அந்தக் காப்பீட்டு ரசீது ஒன்றை மட்டும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குச் சுழற்சியின் எல்லாக் கட்டங்களையும் அது கடந்து போகிறது. அதன் பின்னாலேயே போனால் எந்தக் கட்டம் எதற்காக இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

ரசீதில் என்ன இருக்கிறது? எண், தேதி, யார் யாருக்குக் கொடுத்தது, தொகை 24,000. இவற்றோடு, பலரும் கண்ணை ஓட்டிவிட்டுப் போகும் ஒரு வரியும் இருக்கிறது: "காப்பீட்டுக் காலம் அக்டோபர் 1 முதல் செப்டம்பர் 30 வரை." மூல ஆவணத்தில் தொகைக்கு அடுத்தபடியாக நான் தேடுவது இந்தக் காலத்தைத்தான். பணம் எந்தத் தேதியில் கை மாறியது என்பது ஒரு செய்தி, அது எந்தக் காலத்துக்காகக் கொடுக்கப்பட்டது என்பது வேறொரு செய்தி. வாடகை ரசீது, சந்தா, பராமரிப்பு ஒப்பந்தம், வட்டி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். காலம் எழுதப்படாத ரசீது வந்தால், கொடுத்தவரிடம் அன்றைக்கே கேட்டுப் பென்சிலால் எழுதி வையுங்கள். டிசம்பரில் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

அடுத்து ஜர்னல், அதாவது குறிப்பேடு. பதிவு இப்படி இருக்கும்:

அக்டோபர் 1
காப்பீட்டுச் செலவுக் கணக்கு, பற்று 24,000
வங்கிக் கணக்கு, வரவு 24,000
(அக்டோபர் 1 முதல் அடுத்த செப்டம்பர் 30 வரையிலான காப்பீட்டுக் கட்டணம் செலுத்தியது, ரசீது எண் உடன்)

அடைப்புக்குறிக்குள் இருக்கும் விளக்கக் குறிப்பைப் பாருங்கள். "காப்பீடு செலுத்தியது" என்று மட்டும் எழுதினாலும் பதிவு தவறாகிவிடாது. ஆனால் ரசீதில் இருந்த காலம் அங்கேயே தொலைந்துபோகும். டிசம்பரில் சரிக்கட்டுப் பதிவு போட உட்காருபவருக்கு அந்த ஒரு வரிதான் கைகொடுக்கும். பயிற்சிக்கு வருபவர்கள் விளக்கக் குறிப்பை மதிப்பெண்ணுக்காக எழுதும் சடங்காக நினைக்கிறார்கள். உண்மையில் மூல ஆவணத்துக்கும் ஆண்டு முடிவுக்கும் இடையே உள்ள பாலம் அதுதான்.

இங்கே நம் மொழியால் வரும் ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பேச்சில் "வரவு செலவு" என்கிறோம். அங்கே வரவு என்றால் கைக்கு வந்த பணம். இரட்டைப் பதிவில் வரவு என்பது கணக்கின் வலப்பக்கம், பற்று என்பது இடப்பக்கம். வங்கிக்குப் பணம் வந்தால் நம் ஏட்டில் வங்கிக் கணக்கு பற்று செய்யப்படுகிறது, வரவு அல்ல. தொடக்கத்தில் தடுமாறுபவர்களில் பாதிப்பேர் இந்தச் சொல்லில்தான் தடுமாறுகிறார்கள். சொல்லின் வீட்டுப் பொருளை மறந்துவிட்டு, சொத்தும் செலவும் கூடினால் பற்று, கடனும் முதலும் வருமானமும் கூடினால் வரவு என்று பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்த விதியை மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்ளவும் வழி உண்டு. ஒரு பழுதுபார்ப்பு வேலை முடித்து 5,000-க்குப் பில் கொடுத்தால், உரிமையாளருக்கு நிறுவனத்தில் உள்ள பங்கு 5,000 கூடுகிறது. முதல் கணக்கு கூடினால் வரவு, அதனால்தான் வருமானமும் வரவு. வாடகை கொடுத்தால் அந்தப் பங்கு குறைகிறது. முதல் குறைந்தால் பற்று, அதனால்தான் செலவும் பற்று. அப்படியானால் ஒவ்வொரு பில்லையும் வாடகையையும் நேரடியாக முதல் கணக்கிலேயே எழுதிவிடலாமே? எழுதலாம், கணக்கு தப்பாது. ஆனால் ஆண்டு முடிவில் முதல் இவ்வளவு கூடியிருக்கிறது என்று தெரியுமே தவிர, எதில் வந்தது, எதில் போனது என்று ஒன்றும் தெரியாது. அதற்காகத்தான் வாடகைக்கு ஒரு பக்கம், கூலிக்கு ஒரு பக்கம், சேவை வருமானத்துக்கு ஒரு பக்கம் என்று தற்காலிகமாகப் பிரிக்கிறோம். உங்கள் கேள்விக்கான விடை இங்கேயே தொடங்கிவிடுகிறது.

குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்கு, அதாவது லெட்ஜருக்கு, எடுத்தெழுதுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தேதி வரிசையில் இருந்ததைக் கணக்கு வாரியாகப் பிரித்து எழுதுகிறோம், அவ்வளவுதான். எடுத்தெழுதியதும் பேரேட்டுப் பக்க எண்ணைக் குறிப்பேட்டில் போடுங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அந்தப் பதிவு இன்னும் எடுத்தெழுதப்படவில்லை என்று பார்த்தவுடன் தெரியும். இந்த ஏடுகளின் வரிசை மிகப் பழையது. 1494-இல் வெனிஸில் அச்சான நூலில் லூக்கா பச்சோலி விவரித்ததும் இதையேதான்: நடந்ததை அப்போதைக்கப்போது எழுதும் நினைவேடு, அதிலிருந்து குறிப்பேடு, அதிலிருந்து பேரேடு. அந்த நினைவேட்டின் இடத்தில்தான் இன்று பில்லும் ரசீதும் வங்கி அறிக்கையும் இருக்கின்றன.

ஆண்டு முழுவதும் நடந்தவை மொத்தமாக இவை. சேவைக்காகக் கொடுத்த பில்களின் தொகை 4,80,000, அதில் வந்து சேர்ந்தது 4,10,000. வாடகை பதினொரு மாதத்துக்கு 1,10,000 கொடுத்தாயிற்று, டிசம்பர் வாடகை இன்னும் கொடுக்கவில்லை. கூலி 1,56,000. உரிமையாளர் சொந்தச் செலவுக்கு எடுத்தது 60,000. டிசம்பர் 31 அன்று பேரேட்டில் உள்ள இருப்புகளை எடுத்து இருப்பாய்வு, அதாவது ட்ரயல் பேலன்ஸ், போட்டால் இப்படி வரும்:

பற்று இருப்புகள்
வங்கி: 2,40,000
கடனாளிகள்: 70,000
கருவிகள்: 1,20,000
காப்பீட்டுச் செலவு: 24,000
வாடகை: 1,10,000
கூலி: 1,56,000
எடுப்புகள்: 60,000
மொத்தம்: 7,80,000

வரவு இருப்புகள்
முதல்: 3,00,000
சேவை வருமானம்: 4,80,000
மொத்தம்: 7,80,000

இருபுறமும் பொருந்திவிட்டது. இங்கேதான் பலர் மூச்சு விடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் விட்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் ஓரிடத்தில் இருப்பாய்வு ஒரு தொகைகூட வித்தியாசமில்லாமல் பொருந்தியது. மேலாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மொத்தத்தைப் பார்க்கவே இல்லை. விற்பனை பில் புத்தகத்தின் அடிக்கட்டைகளை எடுத்து எண்களை வரிசையாகத் தட்டிப் பார்த்தார். 146-க்கு அடுத்து 148 இருந்தது. 147 பில் ரத்தானதா, எழுதப்படாமல் விடுபட்டதா என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பில் வாடிக்கையாளருக்குப் போயிருந்தது, நம் ஏட்டுக்கு மட்டும் வரவில்லை. பற்றிலும் எழுதவில்லை, வரவிலும் எழுதவில்லை. அதனால் இருப்பாய்வுக்கு அப்படி ஒரு பில் இருந்ததே தெரியாது. அன்றிலிருந்து ஆவண எண்களின் தொடர்ச்சியைப் பார்த்த பிறகுதான் மொத்தத்தைப் பார்க்கிறேன்.

இருப்பாய்வு காட்டுவது ஒன்றைத்தான்: பற்றுக்குச் சமமாக வரவு எழுதப்பட்டிருக்கிறது. முழுதாக விடுபட்ட பதிவு, இரண்டு பக்கமும் ஒரே தவறான தொகையில் எழுதிய பதிவு, கருவி வாங்கியதைக் கூலிக் கணக்கில் போட்ட பதிவு எதையும் அது பிடிக்காது. மாறாக, பொருந்தாமல் போனால் காரணத்தைத் தேட இரண்டு பழைய வழிகள் உண்டு. வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 5,400-ஐ ஒரு பக்கம் 4,500 என்று எடுத்தெழுதினால் வித்தியாசம் 900, அது 9-ஆல் வகுபடும். இல்லையென்றால் வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகையை ஏட்டில் தேடுங்கள். 3,500-ஐ வரவில் எழுதுவதற்குப் பதில் பற்றில் எழுதினால் வித்தியாசம் 7,000 என்று இரட்டிப்பாகத்தான் வரும். கணினியில் கணக்கு எழுதுபவர்களுக்கு இந்த வகைப் பிழை வராது, ஏனென்றால் ஒருபக்கப் பதிவை நிரல் ஏற்றுக்கொள்வதே இல்லை. ஆனால் விடுபட்ட 147-ஆம் பில்லை, இருப்பாய்வை மட்டும் வைத்து எந்த நிரலாலும் கண்டுபிடிக்க முடியாது.

இப்போது மேலே உள்ள இருப்பாய்வை மறுபடி பாருங்கள். கூட்டல் சரி. ஆனால் இந்த ஆண்டின் கதையை அது சரியாகச் சொல்கிறதா? காப்பீட்டுச் செலவு 24,000 என்கிறது. ரசீது சொல்வதோ அடுத்த செப்டம்பர் வரை. மாதத்துக்கு 2,000 என்றால், அக்டோபர், நவம்பர், டிசம்பர் என மூன்று மாதத்துக்கு 6,000 மட்டுமே இந்த ஆண்டின் செலவு. மீதி 18,000 இன்னும் தீராத பாதுகாப்பு, அது செலவு அல்ல, சொத்து. வாடகையைப் பாருங்கள், பதினொரு மாதம்தான் இருக்கிறது. இடத்தைப் பயன்படுத்தியதோ பன்னிரண்டு மாதம். கருவிகள் ஐந்தாண்டு உழைக்கும், அதன்பின் விற்றாலும் ஒன்றும் தேறாது என்று வைத்துக்கொண்டால் ஓராண்டுத் தேய்மானம் 24,000. அதற்கு ரசீதே கிடையாது. யாரும் வந்து பில் கொடுக்க மாட்டார்கள், நாமே கணக்கிட்டு எழுத வேண்டும்.

மூன்று சரிக்கட்டுப் பதிவுகள்:

முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு, பற்று 18,000
காப்பீட்டுச் செலவு, வரவு 18,000

வாடகை, பற்று 10,000
கொடுபட வேண்டிய வாடகை, வரவு 10,000

தேய்மானம், பற்று 24,000
திரண்ட தேய்மானம், வரவு 24,000

இந்த மூன்றிலும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வருமான அல்லது செலவுக் கணக்கு, மறுபக்கம் சொத்து அல்லது கடன் கணக்கு. எதிலும் வங்கிக் கணக்கு வரவில்லை. சரிக்கட்டுப் பதிவு என்று எழுதியதில் வங்கியோ ரொக்கமோ வந்துவிட்டால், அது சரிக்கட்டுப் பதிவே இல்லை, விடுபட்ட ஒரு நடவடிக்கையை எழுதுகிறீர்கள் என்று அர்த்தம். மாணவர்களின் தாளைத் திருத்தும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கருவிக் கணக்கிலிருந்தே நேராக 24,000-ஐக் கழிக்காமல் திரண்ட தேய்மானம் என்று தனியாக வைப்பது ஏன் என்று கேட்கலாம். கழித்தாலும் தவறில்லை, அப்படிச் செய்பவர்களும் உண்டு. தனியாக வைத்தால் கருவி வாங்கிய விலை 1,20,000 என்பதும், அதில் இதுவரை எவ்வளவு தேய்ந்தது என்பதும் இரண்டும் கண்ணுக்குத் தெரியும். கழித்துவிட்டால் 96,000 என்று மட்டும் நிற்கும், அது புதிய சிறு கருவியா, பழைய பெரிய கருவியா என்று தெரியாது. அதனால் தனியாக வைப்பதையே நான் விரும்புகிறேன்.

இந்த மூன்றும் ஏறிய பிறகு காப்பீடு 6,000, வாடகை 1,20,000, கூலி 1,56,000, தேய்மானம் 24,000. மொத்தச் செலவு 3,06,000. வருமானம் 4,80,000. இலாபம் 1,74,000. சரிக்கட்டுப் பதிவுகள் போடாமல் விட்டிருந்தால் செலவு 2,90,000, இலாபம் 1,90,000 என்று வந்திருக்கும். சரிக்கட்டிய பின் இருப்பாய்வை மறுபடி போட்டுப் பாருங்கள், இருபுறமும் 8,14,000 வரும். சரிக்கட்டுவதற்கு முன்னும் பொருந்தியது, பின்னும் பொருந்துகிறது. பொருந்துவது உண்மைக்குச் சாட்சி ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

இனி நீங்கள் கேட்ட இடத்துக்கு வருவோம். வருமானமும் செலவும் முதல் கணக்கின் பிரித்த பக்கங்கள் என்றோம். அவற்றைத் திருப்பிச் சேர்க்கிறோம். நேராக முதலுக்கே மாற்றாமல் நடுவில் இலாப நட்டக் கணக்கு என்று ஒன்றைத் திறந்து, எல்லாவற்றையும் அதில் கொட்டி, நிகர விளைவை மட்டும் முதலுக்கு அனுப்புகிறோம். அப்போதுதான் அந்த ஆண்டின் முழுக்கதையும் ஒரே பக்கத்தில் இருக்கும்.

சேவை வருமானம், பற்று 4,80,000
இலாப நட்டக் கணக்கு, வரவு 4,80,000

இலாப நட்டக் கணக்கு, பற்று 3,06,000
காப்பீட்டுச் செலவு, வரவு 6,000
வாடகை, வரவு 1,20,000
கூலி, வரவு 1,56,000
தேய்மானம், வரவு 24,000

இலாப நட்டக் கணக்கு, பற்று 1,74,000
முதல் கணக்கு, வரவு 1,74,000

முதல் கணக்கு, பற்று 60,000
எடுப்புகள், வரவு 60,000

வாடகைக் கணக்கின் பக்கத்தை இப்போது திறந்து பாருங்கள். பற்றில் மாதாமாதம் கொடுத்த 1,10,000, அதன் கீழே டிசம்பருக்காகச் சரிக்கட்டிய 10,000. வரவில் ஒரே வரி, "இலாப நட்டக் கணக்கு 1,20,000". இரண்டும் சமம், கீழே இரட்டைக் கோடு. அந்தக் கணக்கில் மீதி இல்லை. ஆனால் வாடகை கொடுத்த வரலாறு அழியவில்லை, அது அந்தக் கோட்டுக்கு மேலே அப்படியே இருக்கிறது. பூஜ்ஜியமாக்குவது என்றால் அழிப்பது என்று நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினாலே போதும்.

நான்காவது பதிவில்தான் நான் பார்த்ததிலேயே தந்திரமான பிழை ஒளிந்திருக்கிறது. எடுப்புகளும் பற்று இருப்பு, கூலியும் பற்று இருப்பு. அதனால் சிலர் எடுப்புகளையும் செலவோடு சேர்த்து இலாப நட்டக் கணக்குக்கு மாற்றிவிடுகிறார்கள். அப்போது இலாபம் 1,74,000-க்குப் பதில் 1,14,000 ஆகிறது. முதல் கணக்கு எவ்வளவு ஆகும்? 3,00,000 கூட்டல் 1,14,000, மொத்தம் 4,14,000. சரியான வழியில் போட்டால்? 3,00,000 கூட்டல் 1,74,000, கழித்தல் 60,000. அதுவும் 4,14,000! இருப்புநிலைக் குறிப்பு இரண்டு வழியிலும் ஒரே மாதிரி பொருந்தும். பிழை இலாபத்தில் மட்டும் இருக்கும், வேறெங்கும் தெரியாது. தொழில் 1,74,000 சம்பாதித்திருக்க, 1,14,000 என்று நம்பி ஒருவர் கடையை மூடலாமா என்றுகூட யோசிக்கக்கூடும். உரிமையாளர் எடுத்தது தொழிலின் செலவு அல்ல, இலாபத்தையோ முதலையோ அவர் கையில் வாங்கிக்கொண்டது. அதனால் அது இலாப நட்டக் கணக்கின் வாசலை மிதிக்காமல் நேராக முதலுக்குப் போக வேண்டும். ஆண்டு முடிவில் இலாப நட்டக் கணக்கின் பற்றுப் பக்கத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்து, உரிமையாளரின் பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அதுவே போதுமான சோதனை. நிறுவனச் சட்டப்படி அமைந்த கம்பெனியாக இருந்தால் முதலுக்குப் பதில் நிறுத்திவைத்த இலாபம், எடுப்புகளுக்குப் பதில் பங்காதாயம் என்று பெயர்கள் மாறும். வழி இதேதான்.

இறுதிப் பதிவுகளுக்குப் பிறகு ஏட்டில் எஞ்சியிருப்பவை இவை மட்டும்: பற்றில் வங்கி 2,40,000, கடனாளிகள் 70,000, கருவிகள் 1,20,000, முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு 18,000. வரவில் திரண்ட தேய்மானம் 24,000, கொடுபட வேண்டிய வாடகை 10,000, முதல் 4,14,000. இருபுறமும் 4,48,000. கடைசியாக ஒருமுறை போடும் இந்த இருப்பாய்வில் வருமானக் கணக்கோ செலவுக் கணக்கோ எடுப்புகளோ ஒன்றுகூடத் தலைகாட்டக் கூடாது. காட்டினால் அதை மூட மறந்திருக்கிறீர்கள். அப்படி மறந்துபோய், கூலிக் கணக்கு 1,56,000-உடன் ஜனவரிக்குள் நுழைந்தால், அடுத்த ஆண்டு இறுதியில் இரண்டு ஆண்டுக் கூலியும் ஓர் ஆண்டின் செலவாக நிற்கும். இலாபம் திடீரென்று சரிந்தது ஏன் என்று எல்லோரும் சந்தையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஜனவரி முதல் நாள் செலவுப் பக்கங்களில் தொடக்க இருப்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தால் அப்போதே பிடித்துவிடலாம்.

கணினியில் கணக்கு எழுதுபவர்கள், "நான் இறுதிப் பதிவே போட்டதில்லை, ஆனாலும் ஜனவரியில் செலவுகள் பூஜ்ஜியத்திலிருந்துதான் தொடங்குகின்றன" என்பார்கள். பல நிரல்களில் ஆண்டின் தேதி எல்லையை வைத்தே வருமானமும் செலவும் கணக்கிடப்படுகின்றன. பழைய ஆண்டின் நிகர இலாபம் தானாக முதல் கணக்குக்குப் போய்விடுகிறது. வேலை நடக்கிறது, கையால் செய்யவில்லை, அவ்வளவே. ஆனால் ஒரு கணக்கைத் திறக்கும்போது அது செலவா சொத்தா என்று நீங்கள் சொன்ன வகையை வைத்துத்தான் நிரல் அதை மூடும். எடுப்புகளைச் செலவு வகையில் திறந்திருந்தால், மேலே சொன்ன 1,14,000 பிழை எந்தச் சத்தமும் இல்லாமல் தானாகவே நடந்துவிடும்.

இன்னும் ஒரு படி இருக்கிறது. அதை விட்டால் டிசம்பரில் செய்த நல்ல வேலை ஜனவரியில் கெட்டுவிடும். கொடுபட வேண்டிய வாடகை 10,000 கடனாக நிற்கிறது. ஜனவரி 5 அன்று டிசம்பர், ஜனவரி இரண்டு மாதத்துக்கும் சேர்த்து 20,000 கொடுக்கிறார்கள். கணக்கு எழுதுபவர் வழக்கம்போல வாடகைக் கணக்கில் 20,000 பற்று எழுதுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, ரசீது வாடகை என்றுதான் சொல்கிறது. ஆனால் டிசம்பர் வாடகையை நாம் ஏற்கெனவே போன ஆண்டின் செலவாக எழுதிவிட்டோம். இப்படியே விட்டால் புதிய ஆண்டின் வாடகை பதின்மூன்று மாதத்துக்கு 1,30,000 ஆகும். இதைத் தவிர்க்க ஜனவரி 1 அன்றே பழைய சரிக்கட்டுப் பதிவைத் திருப்பிப் போடுவார்கள்:

கொடுபட வேண்டிய வாடகை, பற்று 10,000
வாடகை, வரவு 10,000

இப்போது வாடகைக் கணக்கு ஜனவரி 1 அன்று 10,000 வரவு இருப்பில் நிற்கும். செலவுக் கணக்கில் வரவு இருப்பு என்பது பார்க்க விசித்திரமாக இருக்கும், சில நாட்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 5 அன்று 20,000 பற்று ஏறியதும் 10,000 பற்று மட்டும் மிஞ்சும். அது ஜனவரி மாத வாடகை. காப்பீட்டின் 18,000-ஐயும் இதே நாளில் காப்பீட்டுச் செலவுக்குத் திருப்பிவிடலாம், ஏனென்றால் அது முழுவதும் செப்டம்பர் 30-க்குள் தீர்ந்துவிடும். தேய்மானத்தை மட்டும் திருப்பக் கூடாது. அதற்குப் பின்னால் வரப்போகும் ரசீது எதுவும் இல்லை, கருவி தேய்ந்தது தேய்ந்ததுதான்.

இந்தப் படி விட்டுப்போனதா என்று பார்க்க, ஆண்டின் நடுவில் ஒருநாள் பேரேட்டில் கொடுபட வேண்டிய வாடகைப் பக்கத்தைத் திறங்கள். போன டிசம்பரின் 10,000 இன்னும் அசையாமல் அங்கேயே இருந்தால், அந்த வாடகையை இரண்டாம் முறையாகச் செலவில் எழுதியிருக்கிறீர்கள்.